எட்டு கோடிக்குக் கிடைத்த நாற்பது கோடி

1973-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தபோது, வாஷிங்டன் போஸ்ட் நிறுவனத்தின் எல்லாப் பங்குகளுக்கும் சந்தை போட்ட மொத்த விலை சுமார் 8 கோடி டாலர்தான். நாளிதழ், நியூஸ்வீக் வார இதழ், தொலைக்காட்சி நிலையங்கள் எல்லாவற்றையும் விற்றால் 40 கோடியாவது தேறும் என்று வாரன் பஃபெட் கணித்தார். 1 கோடியே 6 லட்சம் டாலருக்குப் பங்குகளை வாங்கினார்.

மதிப்புக்கும் விலைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் அவருடைய ஆசான் பெஞ்சமின் கிரஹாம் 'பாதுகாப்பு விளிம்பு' என்றார்.

கணிப்பு எப்போதும் தோராயம்தான். விளிம்பின் அவசியமே அதனால்தான். பஃபெட்டின் கணக்கு பாதிக்குப் பாதி தவறி, உண்மை மதிப்பு 20 கோடியாகவே இருந்திருந்தாலும் 8 கோடி மலிவுதான். அதே நிறுவனத்தை ஒருவர் 36 கோடி விலையில் வாங்கியிருந்தால்? கணிப்பு கால் பங்கு பிசகினாலே மதிப்பு 30 கோடியாகிவிடும். 6 கோடி அதிகம் கொடுத்தவராகிவிடுவார்.

விளிம்பு இருந்தால் விலை இறங்காது என்பதல்ல. 1974 முடிவில் பஃபெட்டின் பங்குகள் ஏறத்தாழ 80 லட்சம் டாலருக்கு இறங்கின. தொழில் நன்றாக நடந்ததால் அவர் விற்கவில்லை.

தொழிலே தேய்ந்தால் கதை வேறு. இணையம் விளம்பர வருவாயைப் பறித்தபின், 2013-இல் அந்த நாளிதழ் ஜெஃப் பெசோஸிடம் 25 கோடி டாலருக்குக் கைமாறியது. வருமானம் ஆண்டுதோறும் குறையும் தொழிலில், பழைய லாபத்தை வைத்துப் போட்ட மதிப்பு தானே இறங்கி விலையைத் தொட்டுவிடும்.