நாற்பது விநாடியில் ஒரு பை வெண்டைக்காய்

கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் காய்கறி போடும் உறவுக்கார அண்ணன் ஒருவர், சென்ற ஆண்டு தன் முதல் வீடியோவை எனக்கு அனுப்பினார். மருந்தடிக்காத காயை இடைத்தரகர் இல்லாமல் நேராக வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வீடியோ இப்படித் தொடங்கியது: "அனைவருக்கும் வணக்கம். நஞ்சில்லா உணவே நலமான வாழ்வு. எங்கள் தோட்டத்தில் நூறு சதவீதம் ஆர்கானிக் முறையில்..."

பத்து விநாடி போய்விட்டது. காய் இன்னும் திரையில் வரவில்லை. ஊர்ப் பெயரும் எங்கேயும் இல்லை. அந்த வீடியோ பரவத்தான் செய்தது. ஆனால் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் "கூரியர்ல அனுப்புவீங்களா?" என்று போன் வந்ததே தவிர, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வடவள்ளியிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. பறித்த கீரை வாடியது.

இரண்டாவது வீடியோவை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். முதலில் முடிவு செய்தது, ஒரு வீடியோவுக்கு ஒரே காய். கத்தரி, பீர்க்கன், அவரை, கீரை என்று எல்லாவற்றையும் காட்டினால் பார்ப்பவர் மனதில் எதுவும் தங்காது. வெண்டையை எடுத்துக்கொண்டோம். காரணம், அதன் நுனியை ஒடித்தால் சத்தம் கேட்கும். காய்கறிக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்து பார்க்கும் சோதனை அது. விளக்கம் சொல்லாமலே புரியும்.

எழுதி முடித்த குரல் இது:

"இந்தச் சத்தத்தக் கேளுங்க. காத்தால பறிச்ச வெண்டைங்க. முத்துனதுன்னா நுனி வளையும், ஒடியாது. பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்தான் அடிக்கறோம். கடை மருந்து இங்க அடிச்சு மூணு வருசம் ஆச்சுங்க. அதனால சில காய்ல புழு ஓட்டை இருக்கும். அப்படி வந்தா சொல்லுங்க, அடுத்த பையில சேத்துத் தர்றோம். புதனும் சனியும் வடவள்ளி, வீரகேரளம் பக்கம் வீட்டுக்கே கொண்டாந்து தர்றோம். வேணுங்கறவங்க மொத நாள் பொழுதோட ஆறு மணிக்குள்ள வாட்ஸ்அப்ல 'பை'ன்னு ஒரு வார்த்தை அனுப்புங்க."

இயல்பான வேகத்தில், இடையிடையே மூச்சு விட்டுப் படித்தால் நாற்பது விநாடிக்குள் முடிகிறது. எழுதியதை மனதுக்குள் படித்து நேரம் பார்க்கக் கூடாது. வாய்விட்டுப் படித்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கண் தாண்டிப் போகும் இடத்தில் நாக்கு நிற்கும்.

முதல் வரைவில் "இன்னைக்குக் காத்தால பறிச்ச" என்று இருந்தது. 'இன்னைக்கு' என்பதை எடுத்துவிட்டோம். வீடியோ அடுத்த மாதமும் யார் கையிலாவது ஓடிக்கொண்டிருக்கும். அன்று அந்தச் சொல் பொய்யாகிவிடும். விலையைக் குரலில் சொல்லாததும் இதற்காகத்தான். பதிவான குரலை மாற்ற முடியாது. ஆனால் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆக, வாரத்துக்கு வாரம் மாறுவது கேப்ஷனுக்கு, மாறாதது குரலுக்கு என்று பிரித்துக்கொண்டோம். கேப்ஷன் இப்படி அமைந்தது:

"வடவள்ளி, வீரகேரளம் வீடுகளுக்கு மட்டும்: 5 கிலோ காய்கறிப் பை ₹350.
இந்த வாரம் வெண்டை, கத்தரி, பீர்க்கங்காய், அரைக்கீரை.
புதன், சனி காலையில் பறித்து, மதியத்துக்குள் வீட்டில்.
முதல் நாள் மாலை 6 மணிக்குள் வாட்ஸ்அப்பில் 'பை' என்று அனுப்புங்கள்."

ஊரும் விலையும் முதல் வரியில் இருப்பதைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் தொடக்கம் மட்டுமே கண்ணில் படும். மீதியைப் படிக்க விரலால் தட்ட வேண்டும். பெரும்பாலோர் தட்ட மாட்டார்கள். போன் எண்ணைக் கேப்ஷனில் மட்டும் போடுவதும் போதாது. இன்ஸ்டாகிராம் கேப்ஷனிலும் யூடியூப் ஷார்ட்ஸ் விவரத்திலும் போடும் இணைப்புகளைத் தட்டினால் திறக்காது. அதனால் கடைசி ஐந்து விநாடி, எண்ணைத் திரையிலேயே பெரிய எழுத்தில் நிறுத்தினோம். பேருந்தில் சத்தத்தை மூடிவைத்துப் பார்ப்பவருக்கும் அது போய்ச் சேரும். எழுத்தைத் திரையின் அடியிலோ வலது ஓரத்திலோ வைக்கக் கூடாது. அங்கே லைக், ஷேர் பொத்தான்கள் வந்து எண்ணை மறைத்துவிடும்.

குரலைத் தோட்டத்தில் நின்று பதிவு செய்ய முயன்றோம். தொண்டாமுத்தூர்க் காற்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மைக்கில் அது மட்டும்தான் விழுந்தது. பிறகு படத்தைத் தோட்டத்திலும், குரலைக் கதவடைத்த காருக்குள்ளும் எடுத்தோம். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், சற்றுப் பக்கவாட்டில். வெண்டை ஒடியும் சத்தத்தை மட்டும் வீட்டுக்குள் தனியாகப் பதிந்து முன்னால் ஒட்டினோம்.

இனி 'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு வருகிறேன். அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதமே நடந்தது இங்கேதான். "நான் மருந்தே அடிக்கறதில்ல, அப்பறம் ஆர்கானிக்குன்னு சொன்னா என்ன தம்பி தப்பு?" என்றார். இந்தியாவில் இதற்கென 2017இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. ஆர்கானிக் என்று சொல்லி விற்க, என்.பி.ஓ.பி. சான்றோ, விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் பி.ஜி.எஸ். முறைச் சான்றோ வேண்டும். தான் விளைவித்ததைச் சாப்பிடுபவருக்கே நேராக விற்கும், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விவசாயிக்கு மட்டும் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அப்படி விலக்குப் பெற்றவர் 'ஜைவிக் பாரத்' முத்திரையை வீடியோவிலோ பையிலோ போடக் கூடாது.

அண்ணன் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறார். அப்படியிருந்தும் குரலில் அந்தச் சொல்லை விட்டுவிட்டோம். சட்டத்துக்குப் பயந்து அல்ல. "நூறு சதவீதம் ஆர்கானிக்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்பவர் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. "கடை மருந்து அடிச்சு மூணு வருசம் ஆச்சு" என்றால் சரிபார்க்கலாம், நேரில் வந்து கேட்கலாம். புழு ஓட்டை பற்றிய வரியை எடுத்துவிடச் சொன்னது அண்ணனின் மகன். அதை நான் விடவில்லை. வாடிக்கையாளர் முதல் பையிலேயே புழுவைப் பார்க்கத்தான் போகிறார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது மருந்தடிக்காததற்குச் சாட்சி, சொல்லாவிட்டால் புகார்.

சர்க்கரை குறையும், புற்றுநோய் அண்டாது என்றெல்லாம் சேர்க்கும் ஆசை பலருக்கு வரும். அது கூடவே கூடாது. உணவைப் பற்றித் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. நாற்பது விநாடி வீடியோவும் விளம்பரம்தான்.

இரண்டாவது வீடியோவை முதல் வீடியோ அளவுக்குப் பலர் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரமே 'பை' என்று பதினோரு பேர் அனுப்பினார்கள், எல்லாரும் வடவள்ளி, வீரகேரளம் பக்கத்தவர்கள். ஸ்கூட்டரில் ஒரே நடையில் கொடுத்துத் திரும்ப முடிந்தது.

நீங்களும் இப்படி ஒன்று செய்வதானால், வெளியிடும் முன் திரையில் தெரியும் எண்ணுக்கு இன்னொரு போனிலிருந்து ஒரு முறை அழைத்துப் பாருங்கள். எங்கள் முதல் வீடியோவில் ஓர் இலக்கம் மாறியிருந்ததை நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.