ஒரே 10,000 ரூபாய், ஒரே 7.5% வட்டி... கைக்கு வந்ததில் மட்டும் ஏன் 644 ரூபாய் வித்தியாசம்?

ஒரு அக்காவும் தம்பியும் ஒரே நாளில் ஆளுக்கு 10,000 ரூபாய் சேமிப்பில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் நிலையத்தில் ஐந்து வருட டைம் டெபாசிட் தொடங்குகிறார். தம்பி தன் மொபைல் ஆப்பிலேயே ஒரு வங்கியில் ஐந்து வருட ஃபிக்சட் டெபாசிட் போட்டுவிடுகிறான். இரண்டுக்கும் வட்டி 7.5%. தபால் நிலைய ஐந்து வருட டெபாசிட்டுக்கு 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட விகிதம் அது. தம்பியின் வங்கியும் அதே விகிதத்தைத் தருவதாக எடுத்துக்கொள்ளலாம்.

இருவரும் நடுவில் பணத்தைத் தொடவே இல்லை. ஐந்து வருடம் முடிந்து பணத்தை எடுக்கும்போது அக்காவுக்குக் கிடைப்பது 13,855 ரூபாய். தம்பிக்கு 14,499 ரூபாய்.

"உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க அக்கா" என்று தம்பி சிரிப்பான். ஆனால், இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு கணக்குமே சரிதான். அந்த 644 ரூபாய் எங்கே போனது என்று தேடினால், பள்ளியில் படித்த தனி வட்டி, கூட்டு வட்டி இரண்டும் நிஜ வாழ்க்கையில் எப்படி வேலை செய்கின்றன என்பது புரிந்துவிடும்.

தனி வட்டி: அசல் அப்படியே இருக்கும்

நாம் போட்ட பணம் அசல். தனி வட்டியில் ஒவ்வொரு வருடமும் அந்த அசலுக்கு மட்டும்தான் வட்டி. ஏற்கெனவே கிடைத்த வட்டி கணக்கிலேயே வராது.

10,000 ரூபாய்க்கு 7.5% என்றால் வருடத்துக்கு 750 ரூபாய். முதல் வருடமும் 750, ஐந்தாவது வருடமும் 750. ஐந்து வருடத்துக்கு 3,750 ரூபாய் வட்டி. அசலோடு சேர்த்தால் 13,750 ரூபாய். ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பார்த்த சூத்திரம் இதுதான்:

```
I = Pnr / 100
```

P என்பது அசல், n என்பது எத்தனை வருடம், r என்பது வட்டி விகிதம். மூன்றையும் பெருக்கி 100 ஆல் வகுத்தால் வட்டி வந்துவிடும்.

கூட்டு வட்டி: வட்டியும் அசலாகிவிடும்

கூட்டு வட்டியில் முதல் வருடம் எந்த வித்தியாசமும் தெரியாது. அதே 750 ரூபாய்தான். இரண்டாவது வருடம்தான் கதை மாறுகிறது. அந்த 750 ரூபாய் அசலோடு சேர்ந்துகொள்வதால், இப்போது வட்டி கணக்கிடப்படுவது 10,750 ரூபாய்க்கு. எனவே இரண்டாவது வருட வட்டி 806 ரூபாய். மூன்றாவது வருடம் 867, நான்காவது வருடம் 932, ஐந்தாவது வருடம் 1,002. நாம் புதிதாக ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. ஆனாலும் வருடா வருடம் வட்டி கூடிக்கொண்டே போகிறது.

ஐந்து வருட முடிவில் மொத்தம் 14,356 ரூபாய். தனி வட்டியைவிட 606 ரூபாய் அதிகம். இதற்கான சூத்திரம்:

```
A = P (1 + r/100)^n
```

இதில் A என்பது கடைசியில் கிடைக்கும் மொத்தத் தொகை. மொபைல் கால்குலேட்டரில் 1.075ஐ ஐந்து முறை பெருக்கி, 10,000 ஆல் பெருக்கினாலே விடை வந்துவிடும்.

ஐந்து வருடத்தில் 606 ரூபாய் என்பது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். அதே கணக்கைப் பத்து வருடத்துக்குப் போட்டால் தனி வட்டியில் 17,500 ரூபாய், கூட்டு வட்டியில் 20,610 ரூபாய். இருபது வருடத்துக்குப் போட்டால் 25,000 எதிர் 42,479. விகிதம் மாறவில்லை, அசல் மாறவில்லை. காலம் மட்டும்தான் நீண்டிருக்கிறது.

தம்பிக்கு 14,499 எப்படி வந்தது?

வருடத்துக்கு ஒருமுறை வட்டியைச் சேர்த்தால் 14,356 ரூபாய்தான் வருகிறது. தம்பிக்கு அதைவிடவும் 143 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கிறதே?

இந்திய வங்கிகள் பொதுவாக ஃபிக்சட் டெபாசிட் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்க்கின்றன. 7.5% என்பதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் 1.875%. முதல் மூன்று மாதத்துக்கு 187 ரூபாய் 50 காசு வட்டி. அது உடனே அசலில் சேர்ந்துவிடுவதால் அடுத்த மூன்று மாதத்துக்கு 191 ரூபாய் கிடைக்கும். இப்படியே நான்கு முறை சேர்ந்தால், முதல் வருட முடிவில் வட்டி 750 இல்லை, 771 ரூபாய். இதே வேலை ஐந்து வருடத்தில் இருபது முறை நடக்கிறது. முடிவில் 14,499 ரூபாய்.

அதாவது, வட்டி எவ்வளவு சீக்கிரம் அசலில் சேர்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் அதுவும் சம்பாதிக்கத் தொடங்கும்.

அப்படியானால் அக்காவுக்கு என்ன ஆனது?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது. தபால் நிலைய டைம் டெபாசிட்டிலும் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் அக்காவுக்கும் முதல் வருடத்துக்கு அதே 771 ரூபாய். இதுவரை இருவரும் சமம்.

ஆனால், வருட முடிவில் அந்த 771 ரூபாய் டெபாசிட்டுக்குள் போவதில்லை. 'இது உங்களுக்கான வட்டி, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தனியாக ஒதுக்கப்படுகிறது. எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்குக் கூடுதல் வட்டி கிடையாது. அக்கா ஐந்து வருடமும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் 771 ரூபாய் சும்மாவே கிடந்தது. ஐந்து முறை 771 என்றால் 3,855. அசலோடு சேர்த்து 13,855 ரூபாய்.

ஒரே டெபாசிட்டில் இரண்டு விதமும் இருக்கிறது என்பதுதான் இதில் சுவாரசியம். ஒரு வருடத்துக்குள் கூட்டு வட்டி. ஒரு வருடத்திலிருந்து அடுத்த வருடத்துக்குப் போகும்போது தனி வட்டி. 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டு வட்டி' என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு, ஐந்து வருடமும் அப்படியே வளரும் என்று நினைத்தால் கணக்கு இடிக்கும்.

அக்கா என்ன செய்திருக்கலாம்?

முதல் வழி, டெபாசிட் தொடங்கும்போதே விண்ணப்பம் கொடுத்து, வருட வட்டி தன்னுடைய சேமிப்புக் கணக்கில் வரவாகும்படி செய்திருக்கலாம். தபால் நிலைய சேமிப்புக் கணக்குக்கு வட்டி 4%. ஒவ்வொரு 771 ரூபாயும் அங்கே போய் வளர்ந்திருந்தால், ஐந்து வருட முடிவில் அக்காவிடம் மொத்தம் சுமார் 14,176 ரூபாய் இருந்திருக்கும். சும்மா கிடந்ததைவிட 321 ரூபாய் அதிகம். தம்பியை எட்டிப்பிடிக்க முடியாதுதான், ஆனால் பாதி தூரம் வந்துவிடலாம்.

இரண்டாவது வழி, அதே தபால் நிலையத்திலேயே கிடைக்கும் தேசிய சேமிப்புப் பத்திரம். இதில் வட்டி வருடா வருடம் கைக்கு வராது. அசலோடு சேர்ந்துகொண்டே போய், ஐந்து வருடம் கழித்து மொத்தமாகக் கிடைக்கும். 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 7.7% விகிதத்தில் 10,000 ரூபாய் போட்டால் முதிர்வுத் தொகை 14,490 ரூபாய். கிட்டத்தட்ட தம்பியின் தொகைதான். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பத்திரம் வைத்திருப்பவர் இறந்துபோவது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களைத் தவிர, ஐந்து வருடத்துக்கு முன்பு இதை முடிக்க முடியாது. நடுவில் பணம் தேவைப்படும் என்றால் யோசித்துத்தான் போட வேண்டும்.

ஆப்பில் கவனிக்க வேண்டிய ஒரு பட்டன்

தம்பியின் கதையும் மாறியிருக்கலாம். வங்கி ஆப்பில் டெபாசிட் தொடங்கும்போது Cumulative, Non-Cumulative என்று இரண்டு தேர்வுகள் வரும். முதலாவதைத் தொட்டால் வட்டி அசலோடு சேரும். இரண்டாவதைத் தொட்டால் வட்டி மாதந்தோறுமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். டெபாசிட் 10,000 ரூபாயாகவே நிற்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட்டு, வந்த வட்டியை டீ, பிரியாணி என்று செலவழித்தால் அது தனி வட்டிக் கணக்குதான்.

எதைத் தேர்வு செய்தோம் என்று சந்தேகமா? டெபாசிட் ரசீதில் முதிர்வுத் தொகை என்ற இடத்தைப் பாருங்கள். போட்ட தொகையே அங்கும் இருந்தால் வட்டி வெளியே வருகிறது. அதிகமான தொகை இருந்தால் உள்ளே சேர்கிறது.

வட்டி வெளியே வருவது எப்போதும் தவறு இல்லை. ஓய்வுபெற்ற பெற்றோர் மாதச் செலவுக்கு வட்டியை நம்பியிருந்தால் அவர்களுக்கு அதுதான் சரியான தேர்வு. வட்டி தேவைப்படாதவர் அதை வெளியே எடுத்து சும்மா போட்டுவைப்பதில்தான் நஷ்டம்.

'9% ஈல்டு' விளம்பரம்

இன்னொரு இடத்திலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும். தம்பிக்குக் கிடைத்த மொத்த வட்டி 4,499 ரூபாய். அதை ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு சுமார் 900 ரூபாய். அதாவது அசலில் 9%. டெபாசிட் திரட்டும் சில இடங்களில் இந்த எண்ணை 'ஈல்டு' என்ற பெயரில் பெரிய எழுத்தில் போட்டு, 7.5%ஐச் சிறிய எழுத்தில் போடுவார்கள். எண் பொய் இல்லை. ஆனால் கூட்டு வட்டியில் வந்த மொத்தத் தொகையைத் தனி வட்டி போலச் சமமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்து வங்கியின் 7.5%உம் இதுவும் ஒன்றே.

அதனால் இரண்டு டெபாசிட்களை ஒப்பிடும்போது விகிதத்தோடு நிறுத்தாமல், இன்றைக்குப் போடும் 10,000 ரூபாய்க்குக் கடைசி நாளில் எவ்வளவு வரும் என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். கூடவே, நடுவில் வரும் வட்டி எங்கே போய்ச் சேரும் என்பதையும் கேளுங்கள். அக்கா கேட்காமல் விட்டது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். அதன் விலை 644 ரூபாய்.