மெதுவா ஓடினாலும் வாட்ச்சில் ‘ஸோன் 4’ காட்டுதா? இந்த ஒரு எண்ணைச் சரிபாருங்க!

கோவில்பட்டி போன்ற கரிசல் ஊர்களில் வெயில் ஏறுவதற்குள் ஓட்டத்தை முடித்தாக வேண்டும். அதிகாலையில் 50 நிமிடம் நிதானமாக ஓடிவிட்டு வாட்ச்சைப் பார்த்தால், 40 நிமிடம் ‘ஸோன் 4’, அதாவது கடும் பயிற்சி என்கிறது. ‘அவ்வளவு மூச்சு வாங்கலையே?’ என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, வாட்ச்சில் பதிவாகியிருக்கும் அதிகபட்ச இதயத் துடிப்பு.

இந்த எண் எங்கிருந்து வருது?

பல வாட்ச்கள் 220-லிருந்து வயதைக் கழித்து இதைத் தாமாகவே போட்டுக்கொள்கின்றன. அது வெறும் சராசரிதான். ஒரே வயதுக்காரர்களிடையே 10, 12 துடிப்புகள் கூடுவதும் குறைவதும் சகஜம்.

45 வயது ஓட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாட்ச் கணக்கில் அவரது உச்சம் 175. அதில் 80% முதல் 90% வரை ஸோன் 4 என்பதால், 140 துடிப்பிலேயே அது தொடங்கிவிடும். அவருடைய உண்மையான உச்சம் 187 என்றால், ஸோன் 4 தொடங்குவது 150-ல்தான். 141 முதல் 148 வரையிலான துடிப்பில் ஓடிய அந்த 40 நிமிடமும் உண்மையில் ஸோன் 3.

உச்சம் கணக்கைவிடக் குறைவாக இருப்பவர்களுக்கு இதுவே தலைகீழாகும். கடும் ஓட்டத்தையும் வாட்ச் ‘மிதமானது’ என்று காட்டும். வெயில் ஊரில் அதுதான் அதிக ஆபத்து.

சரியான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

குளிர்ந்த காலையில் 15 நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்குங்கள். பிறகு 3 நிமிடம் வேகமாகவும் 2 நிமிடம் மெதுவாகவும் ஓடுங்கள். இதையே மூன்று முறை செய்து, கடைசி முறை முழு பலத்தோடு முடியுங்கள். அப்போது பதிவாகும் உச்சமே உங்கள் எண்ணுக்கு நெருக்கமானது. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும், புதிதாக ஓடத் தொடங்கியவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

மெதுவாக ஓடும்போதே துடிப்பு திடீரென 170-க்குத் தாவினால் நம்பாதீங்க. மணிக்கட்டு சென்சார் சில சமயம் காலடி எண்ணிக்கையையே துடிப்பாக எடுத்துக்கொள்ளும். வாட்ச்சை இறுக்கிக் கட்டுங்கள். நெஞ்சுப்பட்டை சென்சார் இருந்தால் இன்னும் நல்லது.

கார்மின் வாட்ச்சில் User Profile > Heart Rate & Power Zones > Heart Rate பகுதிக்குப் போய், Max. HR-ல் புதிய எண்ணைக் கொடுக்கலாம்.

எண் சரி, அப்புறமும் ஸோன் ஏறுதே?

அது வெயிலின் வேலையாக இருக்கலாம். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புகிறது, வியர்வையால் நீரும் குறைகிறது. அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது.

ஓடி முடித்ததும் மொத்த ஸோன் நிமிடங்களோடு நிறுத்தாமல், முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிடுங்கள். வேகம் மாறாமல் துடிப்பு மட்டும் 10 கூடியிருந்தால், உடல்திறன் குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஆனாலும் இதயத்தின் மீதான சுமை நிஜம்தான். அன்று வேகத்தைக் குறைத்து, துடிப்பைப் பழைய ஸோனுக்குள் கொண்டுவருவதே சரி.