அகன்ற ரயரும் ஒடித்த ஸ்ரேறிங்கும்

வவுனியாவில் டபிள்கப் வாகனத்துக்கு அகன்ற ரயர் பூட்டுவிக்கும் அன்பர்களிற் பலர், நேராக நிற்கும் சக்கரத்தைச் சுற்றி இடைவெளி தெரிவதைக் கண்டு திருப்தியுற்றுப் பணத்தைச் செலுத்திவிடுகின்றனர். ஆனால் உரசல் பிறப்பதோ, ஸ்ரேறிங் முழுவதும் ஒடிக்கப்பட்டு, பாரத்தினால் ஸ்பிரிங்கும் அமுங்கியிருக்கும் அந்த வேளையிலேயே.

225/70R15 ரயருக்குப் பதிலாக 255/70R15 பூட்டுவதாகக் கொள்வோம். றிம் மாறாதிருப்பின் அகலத்தில் மிகும் 30 மில்லிமீற்றர் இருபுறமும் 15, 15 ஆகப் பங்கிடப்படும். பலர் கவனியாதது உயரம். 70 என்பது அகலத்தின் நூற்றுவீதமாகையால், பக்கச்சுவர் 157.5 இலிருந்து 178.5 மில்லிமீற்றராக வளர்ந்து, ரயர் 21 மில்லிமீற்றர் அளவில் மட்காட்டை எல்லாத் திசையிலும் நெருங்குகிறது. அதே அகலத்தில் 255/60R15 ஆயின் பக்கச்சுவர் 153 மாத்திரமே. எனினும் அதன் பாரந்தாங்கும் குறியெண் பழைய ரயரினதைவிடக் குறைந்திருப்பின் அதனை ஏற்றல் தகாது.

பரிசோதனையை முன்சக்கரம் இரண்டையும் மட்டும் பூட்டிச் செய்க. சமதரையில் ஆட்களை ஏற்றி, ஸ்ரேறிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, உட்புறத்தில் சஸ்பென்சனின் மேற்கையும் பிரேக் குழாயும், வெளிப்புறத்தில் மட்காட்டின் பின்விளிம்பும் ரயரிலிருந்து விரற்கனமேனும் விலகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ரயரின் தோள்களில் வெண்கட்டி பூசி, முழுதும் ஒடித்தபடியே முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்தால், றப்பர் புஷ்கள் நெகிழ்ந்து சக்கரம் நகர்வதால் தோன்றும் உரசலும் வெண்கட்டி அழிந்த தடத்தால் வெளிப்படும். மாரியில் ஒழுங்கைச் சேறு மட்காட்டினுள் அப்பி இடைவெளியை மேலும் விழுங்கும் என்பதையும் நம் பிரதேசத்தவர் கணக்கிற் கொள்ளுதல் நன்று. பிரேக் குழாயில் ரயர் படுமாயின் அந்த வாகனத்தை ஓட்டவே கூடாது. குழாய் தேய்ந்து வெடித்தால் பிரேக் அற்றுப்போகும்.

ஸ்பேசர் இட்டால் தீரும் என்பார் சொல்லை நம்பற்க. அது உட்புற உரசலை விலக்கி, சக்கரத்தை வெளியே தள்ளி மட்காட்டில் மோதவிடும். ஸ்ரேறிங் எல்லையைக் குறுக்கும் போல்ற் உள்ள வாகனங்களில் சிற்றுரசலை அதனால் தவிர்க்கலாம். ஆனால் திரும்பும் வட்டம் பெரிதாகும். மட்காட்டையோ சஸ்பென்சன் கையையோ அராவிக் குறைப்பதைக் காட்டிலும் சிறிய ரயருக்கு மீளுதலே சரியானது. பூட்டுமுன் புதிய அளவைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுப் பதிலையும் எழுத்திற் பெறுதல் உசிதம்.

ஆகவே, பூட்டிப் பரிசோதித்த பின்னரே மிகுதிப் பணம் என்று முன்கூட்டியே பேசி, வாகனத்தின் மாதிரியையும் ரயரின் அளவையும் பற்றுச்சீட்டிற் குறிப்பிக்க வேண்டும். பொருந்தும் என்று உறுதியளித்து விற்கப்பட்டது பொருந்தாவிடில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம், கொள்வனவு செய்து மூன்று மாதத்துக்குள், அந்தப் பற்றுச்சீட்டையும் உரசல் தடத்தின் படத்தையும் இணைத்து எழுத்தில் முறையிடலாம்.