'Approved' என்று வந்தால் போதுமா?

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பழைய நண்பர் வந்து, "எங்க பிரைவேட் லிமிடெட் கம்பெனியில இருபது லட்சத்துக்குப் பங்கு வாங்கிக்குங்கண்ணே, டைரக்டரா நான் இருக்கேன்ல" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரின் மகள் நண்பரின் டின் எண்ணைக் கேட்டு வாங்கி, www.mca.gov.in தளத்தில் Enquire DIN Status பகுதியில் போட்டுப் பார்க்கிறாள். Approved என்று வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்கு இன்னும் நேரம் வரவில்லை.

டின் என்பது இயக்குநர் அடையாள எண். எட்டு இலக்கம். கம்பெனிச் சட்டத்தில் 2006-இல் செய்த திருத்தத்தின் வழியாக வந்தது. ஒருவருக்கு ஒரே எண்தான், ஆயுள் முழுவதும் அதுதான். பத்துக் கம்பெனி மாறினாலும் எண் மாறாது. செந்தில்குமார்கள் ஆயிரம் பேர் உள்ள ஊரில், இனிஷியலை முன்னே போட்டும் பின்னே போட்டும் எழுதுகிற நம்மிடையே, ஓர் ஆளின் பழைய கம்பெனிகளைப் பிழையில்லாமல் பிடிக்க இந்த எண்ணைவிட நல்ல வழி இல்லை. அந்த எண்ணின் உண்மையான பயனே அதுதான் என்பேன்.

தகுதியிழப்பு என்பது வேறு விஷயம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு அதற்குப் பல காரணங்களைச் சொல்கிறது. நடைமுறையில் அதிகம் பேரைப் பிடிப்பது ஒன்றுதான்: ஒரு கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்கு வரவு செலவுக் கணக்கையோ ஆண்டறிக்கையையோ பதிவாளரிடம் தாக்கல் செய்யாவிட்டால், அதன் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழக்கிறார்கள். அந்தக் கம்பெனியில் மீண்டும் நியமனம் பெற முடியாது, வேறு கம்பெனியிலும் சேர முடியாது. ஏற்கெனவே இருக்கும் மற்ற கம்பெனிகளின் பதவியும் 167-ஆம் பிரிவின்படி போய்விடும். 2017-இல் இப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை அரசு பட்டியலிட்டது.

இதற்குத் தனியாக ஓர் ஆணை பிறக்க வேண்டியதில்லை. கெடு தாண்டியதும் சட்டமே தகுதியை எடுத்துவிடுகிறது. ஆனால் அதற்காக டின் எண்ணை முடக்கிவிடப் பதிவாளருக்கு அதிகாரம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆகவே எண் உயிரோடு இருக்கும்போதே ஆள் தகுதி இழந்திருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும்: DIR-3 KYC படிவம் தரவில்லை என்பதற்காக எண் Deactivated என்று காட்டினால், அது தகுதியிழப்பு அல்ல. தாமதக் கட்டணம் கட்டிப் படிவத்தைத் தந்தால் எண் மீண்டும் இயங்கும்.

எனவே மகள் செய்ய வேண்டியது, அதே தளத்தின் Master Data பகுதியில் டின் எண்ணைப் போட்டு, நண்பர் இருக்கிற, இருந்த கம்பெனிகளின் பெயர்களை எடுப்பது. பிறகு ஒவ்வொரு கம்பெனியின் பக்கத்தையும் திறந்து, Date of Balance Sheet என்ற வரியைப் பார்ப்பது. கடைசியாகத் தாக்கலான கணக்கு எந்த ஆண்டுடையது என்று அந்த வரி சொல்லிவிடும்.

நண்பரின் பழைய கம்பெனி ஒன்றில் அந்தத் தேதி 31/03/2021 என்று இருக்கட்டும். அப்படியானால் 2021-22, 2022-23, 2023-24 ஆகிய மூன்று ஆண்டுக் கணக்கும் வரவில்லை. மூன்றாவது ஆண்டுக்கான பொதுக்குழுக் கூட்டத்துக்குக் கெடு 2024 செப்டம்பர் 30. அதிலிருந்து முப்பது நாளுக்குள் கணக்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அக்டோபர் முடிவில் கெடு தாண்டியது. அங்கிருந்து 2029 அக்டோபர் முடிவு வரை ஐந்து ஆண்டு. இடையில் கணக்கை எல்லாம் மொத்தமாகத் தாக்கல் செய்துவிட்டேன் என்று அவர் சொன்னாலும், விழுந்த தகுதியிழப்பு அதனால் மட்டும் நீங்காது.

பதிவாளர் அலுவலகங்கள் வெளியிட்ட பழைய பட்டியல்களிலும் இதே கணக்குதான். 2017 பட்டியலில் பலருக்கு 2016 நவம்பர் 1 முதல் 2021 அக்டோபர் 31 வரை என்று இருக்கும். அந்தக் காலம் முடிந்துவிட்டது. அதில் ஒருவர் பெயரைக் கண்டவுடனே அவரைச் சந்தேகிப்பது நியாயமில்லை. தேதியைப் பார்க்க வேண்டும்.

நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு: பழைய கம்பெனியிலிருந்து அவர் எப்போது விலகினார்? 2024 அக்டோபர் கெடுவுக்கு முன்பே விலகியிருந்தால் இந்தக் குற்றம் அவரைத் தொடாது. வாயால் சொல்வது போதாது. விலகிய தேதியைத் தெரிவிக்கும் DIR-12 படிவம் அந்தக் கம்பெனியின் கோப்பில் இருக்க வேண்டும். சிறு கட்டணம் கட்டி View Public Documents பகுதியில் அதைப் பார்க்கலாம். இருபது லட்சம் அதுவரை கடைக்காரரின் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.