தப்பான மூன்று விடைகள் எங்கிருந்து வருகின்றன?

பலவுள் தெரிவு வினா ஒன்றுக்குச் சரியான விடையை எழுத ஆசிரியருக்கு ஒரு நிமிடம் போதும். மீதி மூன்றை எழுதும்போதுதான் திண்டாட்டம். அவசரத்தில் கைக்கு வந்த மூன்று எண்களைப் போட்டுவிட்டால், எந்த மாணவருடைய கணக்கிலும் அந்த எண்கள் வந்திருக்காது. யாரும் அவற்றைத் தொடவும் மாட்டார்கள். நான்கு விடைகள் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இருப்பது ஒன்றுதான்.

இதற்கு நல்ல வழி, முதலில் விடைகளே தராமல் வினாவை மட்டும் வகுப்பில் கொடுப்பது. 3 − 2x ≤ 11 என்ற அசமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். 3-ஐ வலப்பக்கம் கொண்டுபோனால் −2x ≤ 8. இனி −2 ஆல் வகுக்க வேண்டும். எதிர்ம எண்ணால் வகுத்தால் குறி திரும்பும் என்பதால் விடை x ≥ −4. குறி ஏன் திரும்புகிறது என்பதற்கு 3 < 5 என்பதை −1 ஆல் பெருக்கிப் பார்த்தால் போதும்: −3 என்பது −5-ஐவிடப் பெரியது.

தாள்களை வாங்கி, விடைவாரியாக அடுக்கினால் சில கட்டுகள் தனியாகத் தெரியும். குறியைத் திருப்ப மறந்தவர்கள் x ≤ −4 என்று முடித்திருப்பார்கள். −2x-இல் இருந்த மைனஸைப் பாதி வழியில் தொலைத்துவிட்டு 2x ≤ 8 என்று எழுதியவர்களுக்கு x ≤ 4 கிடைத்திருக்கும். 3-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டியவர்கள் −2x ≤ 14 என்று போய் x ≥ −7-இல் நிற்பார்கள். இந்த மூன்றாவது கூட்டம் கவனிக்கத்தக்கது. குறியைச் சரியாகத் திருப்பத் தெரிந்தவர்கள் இவர்கள். சறுக்கியது அதற்கு முந்தைய வரியில். இவர்களை உட்காரவைத்து மறுபடியும் குறி திருப்பும் பாடத்தையே நடத்துவதில் பயனில்லை.

ஆக, அ) x ≥ −4, ஆ) x ≤ −4, இ) x ≤ 4, ஈ) x ≥ −7.

எண்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வலப்பக்கம் 11-க்குப் பதில் 3 என்று இருந்தால் −2x ≤ 0 வரும். குறி திருப்பாதவருக்கும் மைனஸைத் தொலைத்தவருக்கும் ஒரே விடைதான், x ≤ 0. இரண்டு நோய்களுக்கும் ஒரே காய்ச்சல் என்றால் மருத்துவர் என்ன செய்வார்?

நன்றாக அமைந்த வினாவிலும் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடாது. ஒரு மாணவி −2x-ஐ வலப்பக்கம் கொண்டுபோய் −8 ≤ 2x என்று எழுதி, −4 ≤ x வரை சரியாகவே வருகிறாள். அதை இடவலமாக மாற்றி எழுதும்போது குறியை அப்படியே விட்டு x ≤ −4 என்கிறாள். அவளும் ஆ-வையே தேர்ந்தெடுப்பாள். குறி திரும்பும் விதி அவளுக்குத் தேவைப்படவே இல்லை; தடுமாறியது குறியை வாசிப்பதில்.

இன்னொரு ரகம் உண்டு. “மைனஸ் கண்ணில் பட்டால் குறியைத் திருப்பு” என்று மனப்பாடம் செய்தவர்கள். இந்த வினாவில் அவர்களுக்கு முழு மதிப்பெண்! அவர்களைப் பிடிக்கத் துணை வினா ஒன்று வேண்டும்: 2x + 3 ≥ −5. இங்கே 2x ≥ −8, விடை மீண்டும் x ≥ −4. வகுப்பது நேர்ம எண்ணால் என்பதால் குறி திரும்பாது. ஆனால் −8-ஐப் பார்த்த உடனே அவர்கள் குறியைத் திருப்பி, x ≤ −4-க்குப் போய்விடுவார்கள்.

கணக்கே போடாமல் விடைகளை மட்டும் பார்த்து ஊகிக்கும் கெட்டிக்காரர்களையும் மறக்கக் கூடாது. இ-யில் x ≤ 4-க்குப் பதில் x ≥ 4 இருந்திருந்தால், நான்கில் மூன்று விடைகளில் ≥ இருக்கும்; −4 இரண்டு முறை வரும். இரண்டும் சேரும் இடம் x ≥ −4. வினாவைப் படிக்காமலே விடை அகப்பட்டுவிடும். மேலே உள்ள நான்கில் ≥ இரண்டு, ≤ இரண்டு என்று இருப்பதால் அந்தத் தந்திரம் பலிக்காது.

தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். தவறான விடை ஒன்றுக்கு 5 சதவீதம் பேர்கூட வராவிட்டால் அது வேலை செய்யவில்லை என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். மூன்று விடைகளே போதும் என்று 2005-இல் மைக்கேல் ராட்ரிகஸ் வெளியிட்ட தொகுப்பாய்வும் சொல்கிறது. அதை நம்பி, ஆள் வராத ஈ-யை எடுத்துவிடலாமா? எடுக்கலாம். ஆனால் எஞ்சிய மூன்றில் ≤ இரண்டு முறை, −4 இரண்டு முறை. இப்போது ஊகிப்பவர்கள் எல்லோரும் ஆ-வில் வந்து விழுவார்கள். குறி திருப்பத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று அந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாமல் போகும்.