போட்டிச் சேனல்களின் கமெண்ட்டில் காத்திருக்கும் கேள்விகள்

மாடித் தோட்டம் பற்றித் தமிழில் ஒரு யூடியூப் சேனல் தொடங்க நினைப்பவர், முதலில் அந்தத் துறையில் பெயர் வாங்கிய சேனல்களுக்குத்தான் போவார். ‘பாப்புலர்’ பொத்தானைத் தட்டினால் அதிகம் பேர் பார்த்த வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். தொட்டியில் தக்காளி, மாவுப்பூச்சிக்கு மருந்து, சமையலறைக் கழிவில் உரம் என்று அந்தத் தலைப்புகளையே இவரும் எடுத்துப் பேசுவார். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஏற்கெனவே பதில் கிடைத்துவிட்ட கேள்விகள். அதே பதிலை இன்னொருவர் வாயால் கேட்கப் பார்வையாளருக்குக் காரணம் எதுவும் இல்லை. புதியவர் தேட வேண்டியது, கேட்டும் பதில் கிடைக்காத கேள்விகளை. அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. இரண்டு மூன்று மாலை நேரங்கள் ஒதுக்கினால் போதும்.

ஐந்து சேனல்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே மிகப் பெரிய சேனல்களாக இருக்க வேண்டாம். இரண்டு பெரியவை, மூன்று நடுத்தரமானவை என்று இருந்தால் நல்லது. ஒவ்வொன்றிலும் கடைசி 30 வீடியோக்களை ஒரு அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பு, வெளியான தேதி, எத்தனை பேர் பார்த்தார்கள், எதைப் பற்றியது என்ற நான்கு விவரங்கள் போதும். போட்டு ஒரு மாதம்கூட ஆகாத வீடியோவையும் ஷார்ட்ஸையும் விட்டுவிடுங்கள். அவற்றின் எண்ணிக்கையை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது.

அடுத்து, ஒவ்வொரு வீடியோவையும் அதே சேனலின் வழக்கமான எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். 30 வீடியோக்களையும் பார்வை எண்ணிக்கைப்படி அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்தான் அந்தச் சேனலின் வழக்கம். அது 8,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வீடியோ மட்டும் 50,000 தொட்டிருந்தால் கவனிக்க வேண்டியது அதைத்தான். பத்து லட்சம் சந்தாதாரர் உள்ள சேனலில் 50,000 என்பது தோல்வியாகக்கூட இருக்கலாம். ஆக, மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

ஒரே ஒரு சேனலில் ஒரு வீடியோ எகிறியிருந்தால் அதற்கு அவருடைய பேச்சோ, தம்நெயில் படமோ, யாரோ வாட்ஸ்அப்பில் பரப்பியதோ காரணமாக இருக்கலாம். மூன்று சேனல்களில் ஒரே விஷயம் எகிறியிருந்தால், மக்களுக்கு அந்த விஷயமே தேவைப்படுகிறது என்று கொள்ளலாம். ‘செடியில் இலை ஓரம் கருகுகிறது’ என்ற விஷயம் அப்படி மூன்று சேனல்களில் எகிறி நிற்பதாக வைத்து மேலே போவோம்.

இனி வீடியோவை விட்டு கமெண்ட்டுகளுக்கு இறங்க வேண்டும். அவற்றைப் புதியது முதலாக அடுக்கிப் படியுங்கள். முதலில் தெரிகிற ‘டாப்’ கமெண்ட்டுகளில் பாராட்டுதான் அதிகம் இருக்கும். “சூப்பர் அக்கா”, “நன்றி அண்ணா” எல்லாவற்றையும் தாண்டிப் போய், கேள்விகளை மட்டும் அவர்கள் எழுதியபடியே எடுத்து எழுதுங்கள். அவை இந்த மாதிரி இருக்கும்: “நீங்க சொன்ன மாதிரியே தண்ணி விட்டேன், அப்பவும் கருகுது. எங்க வீட்டுல போர் தண்ணிதான்.” “குரோ பேக் மேல வெள்ளையா படியுது, அது என்ன?” “கேன் தண்ணி வாங்கியா செடிக்கு ஊத்த முடியும்?”

மூவரும் வெவ்வேறு வீடியோவின் கீழ், ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பிரச்சினை: உப்புத் தண்ணீர். சேனல்காரர் பதில் எழுதினாரா என்றும் பாருங்கள். பதிலே இல்லை என்றாலோ, “தண்ணியைக் குறைச்சு விடுங்க” என்று ஒரு வரியில் முடித்திருந்தாலோ, அங்கே ஓர் இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளி உண்மைதானா என்று அடுத்துச் சோதிக்க வேண்டும். உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து, யூடியூப் தேடலில் ‘உப்பு தண்ணி செடி’ என்று பேச்சு வழக்கில் தட்டுங்கள். நீங்கள் முடிக்கும் முன்பே தேடல் பெட்டி அந்த மாதிரிச் சொற்களை நீட்டிக் காட்டினால், மற்றவர்களும் தேடுகிறார்கள் என்று பொருள். பிறகு முதல் பத்து வீடியோக்களைப் பாருங்கள். கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவை எத்தனை? எவ்வளவு பழையவை? வயலுக்குச் சொன்னதா, தொட்டிக்குச் சொன்னதா? வயலுக்கான பதில் மட்டுமே இருந்தால் மாடித் தோட்டக்காரருக்கான இடம் காலியாக இருக்கிறது. தேடல் பெட்டியும் காட்டவில்லை, கமெண்ட்டிலும் யாரும் கேட்கவில்லை என்றால் அதை இடைவெளி என்று நினைத்துவிடக் கூடாது. யாருக்கும் தேவைப்படாததால் காலியாகக் கிடக்கும் இடம் அது.

தலைப்பு கிடைத்ததும் போட்டிச் சேனல்களை மூடிவிடுங்கள். ஸ்கிரிப்ட் எழுதி முடிக்கும்வரை அவற்றைத் திறக்க வேண்டாம். பதிலைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் தளத்திலும், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும், உங்கள் சொந்த மாடியிலும் தேடுங்கள். டி.டி.எஸ். மீட்டரால் போர் தண்ணீரை அளந்து காட்டலாம். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு பைக்குள்ளேயே தங்கிவிடும். மழைநீரைப் பையின் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றினால் அது கரைந்து வெளியேறும். இரண்டு பைகளை அருகருகே வைத்து இந்த வேறுபாட்டைக் காட்டலாம். பீன்ஸ் உப்பைத் தாங்காது, பீட்ரூட் ஓரளவு தாங்கும் என்பதையும் வளர்த்தே காட்டலாம். இப்படி எடுத்த வீடியோ யாருடையதைப் போலவும் இருக்காது, ஏனென்றால் இந்தப் பதில் அவர்களுடைய வீடியோவில் இல்லை.

சட்டமும் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் தன் நாடகத்தைத் தழுவிப் படம் எடுத்ததாகத் தொடர்ந்த வழக்கில், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் காப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. ‘உப்புத் தண்ணீர்’ என்ற தலைப்பு யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் எடுத்த காட்சிகள், எழுதிய வசனம், தம்நெயில் படம் ஆகியவை அவருக்குச் சொந்தம். யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் வந்தால் சேனலே நீக்கப்படலாம்.

சட்டத்துக்கு வெளியேயும் ஒரு நேர்மை இருக்கிறது. ஸ்கிரிப்ட் முடிந்ததும் உங்கள் குறிப்புகளின் வரிசையை அவர்கள் வீடியோவின் வரிசையோடு ஒப்பிடுங்கள். அதே தொடக்கம், அதே ஐந்து டிப்ஸ், அதே உதாரணம் என்று அமைந்திருந்தால், சொற்கள் வேறாக இருந்தாலும் அது அவருடைய உழைப்புதான். பிரித்துப்போட்டு மறுபடி எழுதுங்கள். ஒருவர் தானே சோதித்துக் கண்டுபிடித்த விஷயம் உங்களுக்குத் தேவைப்பட்டால், வீடியோவிலேயே அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கமெண்ட் எழுதுபவர்கள் பார்ப்பவர்களில் ஒரு சிறு பகுதிதான். மேலும், கோடையில் இலை கருகுவதைப் பற்றிக் கேட்பவர்கள் ஐப்பசி மழையில் வேர் அழுகலைப் பற்றிக் கேட்பார்கள். அதனால் அட்டவணையைப் பருவத்துக்கு ஒருமுறை புதிதாகப் போட வேண்டும்.

கணிப்பு சரியா என்பது வீடியோ வெளியான சில வாரங்களில் தெரியும். யூடியூப் ஸ்டுடியோவில், பார்வையாளர்கள் எந்தச் சொற்களைத் தேடி உங்கள் வீடியோவுக்கு வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். நீங்கள் அட்டவணையில் எழுதி வைத்த அதே பேச்சு வழக்குச் சொற்கள் அதில் இருந்தால், சரியான கேள்வியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். வேறு சொற்கள் இருந்தால், மக்கள் கேட்டது வேறு; அந்தச் சொற்களைக் கொண்டே அடுத்த வீடியோவைத் திட்டமிடலாம்.